பால் கேன் உருண்ட கதை

அன்புள்ள ராஜு,

உன் கடிதத்துக்குப் பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதற்கப்புறம் எனக்கு முழங்கால், நடுவில் அக்கா பையன் எடுத்த குறும்படம். முதல் இரண்டும் நல்லபடியாக முடிந்தன. மூன்றாவதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

படம் பன்னிரண்டு நிமிடம். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, கடைசியில் ஒரு மண்டபத்துப் படிக்கட்டில் கைகலப்பு. அந்த நேரம் பார்த்து மேல்படியிலிருந்து ஒரு பால் கேன் உருண்டு வருகிறது. ஸ்லோ மோஷனில். பின்னால் தாலாட்டு மாதிரி மணிச் சத்தம். தம்பியின் முகம், கேன், அண்ணனின் கத்தி, மறுபடி கேன். பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உனக்கும் வந்திருக்கும். பையன் இணையத்தில் போட்ட அன்றைக்கே கீழே ஒருத்தன் "அட்டக் காப்பி" என்று எழுதிவிட்டான். இவனுக்கு ஒரே கோபம். "மாமா, அது காப்பி இல்ல, ட்ரிப்யூட். 'அன்டச்சபிள்ஸ்' எடுத்த டி பால்மாவுக்கு நான் செய்ற மரியாதை" என்றான். சரி, டி பால்மா யாருக்குச் செய்த மரியாதை என்று கேட்டேன். முழித்தான். ராஜு, பையன் ஐசன்ஸ்டைனின் ரஷ்யப் படம் 'பொட்டெம்கின்' பார்த்ததே இல்லை!

நம் திரைப்படச் சங்கத்தில் அந்தப் படம் போட்ட ராத்திரி ஞாபகம் இருக்கிறதா, புரொஜெக்டர் பல்பு போய், பாதிப் படிக்கட்டில் படம் நின்று, நீ சைக்கிளில் போய் பல்பு வாங்கி வந்தது. இப்போது லேப்டாப்பில் இரண்டையும் அடுத்தடுத்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்தது முதலில், டி பால்மாவின் 'அன்டச்சபிள்ஸ்', 1987, அடுத்து. இரண்டிலும் படிக்கட்டில் உருளும் குழந்தை வண்டி எப்படி நகர ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் பார்க்கச் சொன்னேன்.

ஒடெஸ்ஸா படிக்கட்டில் சிப்பாய்கள் வரிசையாகச் சுட்டுக்கொண்டே இறங்குகிறார்கள். குழந்தையோடு நிற்கும் தாய் மேல் குண்டு படுகிறது. அவள் சரியும்போது அவள் உடம்பே வண்டியில் மோதித் தள்ளிவிடுகிறது. காப்பாற்ற நினைத்தவளின் உடம்பே பிள்ளையை அனுப்பிவைக்கிறது, பிடிக்க ஆளில்லை, வண்டி கவிழ்கிற இடத்தோடு வெட்டிவிடுகிறார், பிள்ளை என்ன ஆயிற்று என்று சொல்வதே இல்லை.

சிகாகோ ரயில் நிலையத்தில் நடப்பது வேறு. அரசாங்க அதிகாரி எலியட் நெஸ், தாதா கபோனின் கணக்குப்பிள்ளையைப் பிடிக்க மேலே காத்திருக்கிறான். கீழே ஒரு பெண் பெட்டி, குழந்தை வண்டி எல்லாவற்றையும் ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு திணறுகிறாள். அவன் கடிகாரத்தைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான், மறுபடி கடிகாரம். மனசு கேட்காமல் இறங்கிப் போய் வண்டியைத் தூக்கி இழுக்கிறான். மேலே வந்து சேர்கிற நேரத்தில் ரவுடிகள் வந்துவிடுகிறார்கள், துப்பாக்கியை எடுக்க வண்டியை விட வேண்டியிருக்கிறது. ஆக இங்கே வண்டி உருள்வதற்குக் காரணம் அவனுடைய நல்ல மனசும் அவனுடைய வேலையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டதுதான். கடைசியில் கூட்டாளி பாய்ந்து வந்து கீழே வண்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டே துப்பாக்கியைக் குறி வைக்கிறான். அந்தப் பிள்ளை பிழைக்கிறது. அறுபத்திரண்டு வருஷம் கழித்து ஒருத்தர் அந்த வண்டியைப் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும், தெரிந்தவனுக்கு மட்டும் கிடைக்கிற நிம்மதி அது. பொட்டெம்கின் தெரியாதவனுக்கும் காட்சியில் ஒரு குறையும் இல்லை, நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கலாம்.

அந்தச் சிகாகோ படிக்கட்டில் நடுவே வெள்ளைச் சீருடையில் மாலுமிகள் சிலர் வந்து மாட்டிக்கொள்கிறார்களே, கவனித்திருக்கிறாயா? கதைக்கு அவர்கள் தேவையே இல்லை. பொட்டெம்கின் மாலுமிகள் கலகம் செய்த கப்பல் அல்லவா, அதற்காகத்தான் அவர்கள். 'எங்கிருந்து எடுத்தேன் என்று மறைக்கவில்லை' என்று காட்சிக்குள்ளேயே வைத்த ரசீது. ஈஸ்டர் எக் என்றால் எனக்கு இதுதான்: கண்டுபிடித்தால் சந்தோஷம், கண்டுபிடிக்காவிட்டால் நஷ்டமில்லை. இத்தனைக்கும் இந்த இடத்தில் ஒரு ரயில் காட்சி எடுப்பதாகத்தான் இருந்ததாம், செலவு கட்டுப்படியாகாமல் படிக்கட்டுக்கு வந்தார்களாம்.

அக்கா பையனிடம் கேட்டேன், உன் கேனை யார் உருட்டிவிட்டது? "அது… சும்மா உருளுதே மாமா." அங்கேதான் மாட்டிக்கொண்டான். அந்தக் கேன் யாருடையது, பால் கொட்டினால் யாருக்கு நஷ்டம், அண்ணன் தம்பிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், ஒன்றுக்கும் பதில் இல்லை. டி பால்மாவிடமிருந்து ஸ்லோ மோஷனை எடுத்தான், மணிச் சத்தத்தை எடுத்தான், ஷாட் வரிசையை எடுத்தான். காரணத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். இத்தனைக்கும் அவனுக்கு அந்தப் படத்தின் மேல் உயிர், நாற்பது தடவை பார்த்திருப்பான். பிரியம் இருப்பதாலேயே ஒன்று காணிக்கையாகிவிடாது போலிருக்கிறது. பிரியம் திரையில் தெரியாது, என்ன செய்திருக்கிறான் என்பதுதான் தெரியும்.

அப்படியானால் மாற்றிச் செய்துவிட்டால் போதுமா என்றான். கெட்டிக்காரன். அதற்குத்தான் இத்தாலி இயக்குநர் லியோனேயைச் சொன்னேன். ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961, லியோனேயின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' 1964. ஊருக்குள் இரண்டு கோஷ்டி, வெளியூரிலிருந்து வந்த ஒற்றை ஆள் இரண்டு பக்கமும் கூலி வாங்கி இருவரையும் மோத விடுகிறான். ஜப்பான் படத்தில் அவன் சிலரை வெட்டிப் போட்டுவிட்டுப் பெட்டி செய்கிறவனிடம் "சவப்பெட்டி இரண்டு, இல்லை, மூன்றாக இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவான். இத்தாலிக்காரர் படத்தில் போகும்போதே மூன்று பெட்டிக்குச் சொல்லிவிட்டுப் போய், திரும்பி வரும்போது "தப்பாகச் சொல்லிவிட்டேன், நான்கு" என்பான். எண்ணிக்கை வரைக்கும் கையில் இருக்கிறது பார். ஆனால் அந்தப் புழுதி, முகத்தில் ஒட்டிக்கொள்கிற குளோசப், இசையமைப்பாளர் மொரிக்கோனேயின் விசில், இதெல்லாம் குரோசாவாவிடம் இல்லாதவை. புதுசாக ஒன்றைச் செய்துதான் இருக்கிறார். டைட்டிலில் பெயர் போடவில்லை, அவ்வளவுதான். குரோசாவா "நல்ல படம், ஆனால் அது என் படம்" என்று எழுதியதாகச் சொல்வார்கள். விவகாரம் வழக்காகி, உலக வசூலில் 15 சதவீதம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவுக்கே அந்தப் படம் 1967இல்தான் போனது. அதே குரோசாவாவின் 'செவன் சாமுராய்' ஹாலிவுட்டில் கௌபாய்ப் படமானபோது டைட்டிலிலேயே சொல்லிவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை, அன்டச்சபிள்ஸ் தாலாட்டும் மொரிக்கோனேதான்.

நம்ம ஊர் உதாரணம் கேட்டால் எனக்கு 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'தான். நீ அங்கே தியேட்டரில் பார்த்தாயா, ஓடிடியிலா? 1991இல் 'குணா'வில் 'கண்மணி அன்போடு' பாட்டு ஒரு மனநிலை சரியில்லாதவன் பெண்ணுக்குச் சொல்லச் சொல்ல எழுதவைக்கும் காதல் கடிதம். மலையாளப் பையன்கள் 'குணா' எடுத்த குகையைப் பார்க்கத்தான் கொடைக்கானலுக்கு வருகிறார்கள், ஆரம்பத்தில் பாட்டு வெறும் சுற்றுலாக் குஷி. அப்புறம் ஒருவன் குழிக்குள் விழுந்து, இன்னொருவன் கயிற்றில் இறங்கி அவனை மேலே கொண்டுவருகிற இடத்தில் "மனிதர் உணர்ந்து கொள்ள இது மனிதக் காதல் அல்ல" என்று வரும்போது தியேட்டரே எழுந்து நின்றது. முப்பது வருஷமாக ஆணுக்கும் பெண்ணுக்கும் என்று நாம் கேட்டுக்கொண்டிருந்த வரி அங்கே இரண்டு சேற்றுடம்பு நண்பர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆகப் பையன் கேட்ட "மாற்றினால் போதுமா" என்பதற்குப் பதில் இதில் பாதி இருக்கிறது: அப்படியே எடுத்தும் புதிதாக்கலாம். இதற்கும் 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது, தயாரிப்பாளர்கள் உரிமை வைத்திருக்கும் கம்பெனிகளிடம் வாங்கிவிட்டோம் என்றார்கள். கைதட்டிய எங்களுக்கு அது காணிக்கைதான், ஆனால் பார்க்கிறவன் தீர்ப்பும் வக்கீல் தீர்ப்பும் வேறு வேறு கோர்ட். முந்தையதை வைத்துப் பிந்தையதை அடித்துப் பேச முடியாது என்று பையனுக்குச் சொன்னேன், அவன் பின்னணியில் போட்டிருந்த ஒரு பழைய பாட்டு அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.

உனக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், நான் நடித்திருக்கிறேன்! டீக்கடையில் பேப்பர் படிக்கிற ஆள், மூன்று வினாடி. மரியாதைக்கு மாமாவை ஒரு ஷாட்டில் வைத்தானாம். எங்கே வைத்தான் தெரியுமா, கத்திக்குத்துக்கு முந்தின ஷாட்டில். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தபோது அந்த இடத்தில் "ஐயையோ மாமா!" என்று ஒரே கூச்சல், அப்புறம் குத்து விழுந்ததை யாருமே பார்க்கவில்லை. ஹிட்ச்காக் இதனால்தான் பிற்பாடு தன் தலையைப் படத்தின் முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே காட்டிவிடுவார், ஜனங்கள் அவரைத் தேடுகிற வேலையை முடித்துவிட்டுக் கதைக்கு வரட்டும் என்று. 'லைஃப்போட்'டில் நடுக்கடலில் ஒற்றைப் படகு, அதில் எங்கே போய் நிற்பது? ஒருவன் படிக்கிற பழைய பேப்பரில், உடம்பு இளைக்கிற மருந்து விளம்பரத்தில், முன்-பின் படமாக வந்தார். இப்போது பெரிய நடிகர்களைக் கடைசி ஐந்து நிமிடத்தில் இறக்குகிறார்களே, அதில் பாதிக்கு மேல் எனக்கு என் டீக்கடை ஷாட் மாதிரிதான் படுகிறது. விசில் பறக்கும், கதை அங்கேயே நின்றுவிடும்.

போன ஞாயிறு பையன் மறுபடி வந்தான். பொட்டெம்கின் இரண்டு தடவை பார்த்துவிட்டானாம். ஸ்லோ மோஷனை எடுத்துவிட்டான், தாலாட்டையும். கேன் இப்போது அவர்கள் அப்பாவுடையது, தினம் அதில்தான் பால் ஊற்றப் போவார். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் தம்பி வழிமறிக்கிறான், கத்திக்காகக் கையை விட, கேன் போகிறது. நான் முதல் நிமிடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டேன். மறுபடி எடுக்க அதே பால்காரரிடம் கேன் கேட்டிருக்கிறார்கள், போன தடவை நெளித்ததற்கு முதலில் காசு கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். நியாயம்தானே.

படம் முடிந்ததும் லிங்க் அனுப்புகிறேன். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளா? அப்புறம், சங்கத்தின் அந்த நீல நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது, பொட்டெம்கின் போட்ட பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, பல்பு எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சீனு