காலிக் கட்டம் பூஜ்யம் அல்ல: கணக்கெடுப்புக் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 2024 நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஷீட்டை ஆய்விதழுக்கான அட்டவணையாக மாற்றியவன் எழுதுகிறேன். அது ஏன் திரும்பி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இனி அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

கூழைக்கடா பத்தியை மட்டும் சொல்கிறேன். பத்துக் குளங்கள். ஆறில் எண் இருந்தது, கூட்டினால் 84. மீதி நான்கு கட்டங்கள் காலி. `=AVERAGE(C2:C11)` என்று போட்டால் எக்செல் காலிக் கட்டங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, ஆறால் வகுத்து 14 என்கிறது. காலியெல்லாம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் 8.4. நாம் 14 என்று அனுப்பினோம். "எத்தனை குளங்களுக்குச் சராசரி?" என்று மதிப்பீட்டாளர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

களக் குறிப்பேடுகளைத் தேடி வாங்கிப் பார்க்க இரண்டு வாரம் ஆனது. மூன்று குளங்களுக்கு யாரும் போகவே இல்லை, பாதையில் தண்ணீர் நின்றிருக்கிறது. நான்காவது குளத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்து, "கூழைக்கடா இல்லை" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார் ஒரு தம்பி. அதுதான் உண்மையான பூஜ்யம். ஆக ஏழு குளங்கள், சராசரி 12. விடியற்காலையில் சேற்றில் நின்று அவர் பார்த்த அந்த 'இல்லை'யை நம் ஷீட் அழித்துவிட்டது. எனக்கு இதுதான் தாங்கவில்லை.

அதனால் கேட்கிறேன்: போய்ப் பார்த்துப் பறவை இல்லையென்றால் 0 போடுங்கள். போகவில்லை என்றால் 'எண்ணவில்லை' என்று எழுதுங்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

சிலர் சந்தேகமான எண்ணுக்கு மஞ்சள் அடிக்கிறீர்கள். கோப்பை CSV ஆக்கினால் நிறம் போய்விடும். சந்தேகத்தைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். இன்னொரு ஷீட்டில் '10-12' என்று அடித்ததை எக்செல் டிசம்பர் 10 ஆக்கி, உள்ளே 45636 என்று வைத்திருந்தது. அத்தனை கூழைக்கடா எந்தக் குளத்திலும் இல்லை என்பதால் கண்ணில் பட்டது. குறைந்தது, அதிகம் என இரண்டு பத்தி வைத்தால் இந்தத் தொல்லையே வராது. எண்களைச் சரிபார்க்கும் வேலையை ஏன் எப்போதும் கடைசி ஆள் தலையில் கட்டுகிறோம்? மூன்று மாதம் கழித்து எந்தக் குளத்தில் என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். திருத்திய அட்டவணையின் தலைப்பிலேயே "10 குளங்களில் 7இல் எண்ணப்பட்டது, ஜனவரி 2024" என்று போட்டு, போகாத மூன்றுக்கும் '–' இட்டு, அதன் பொருளை அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்புக்கான ஷீட்டில் ஒரு குளம், ஒரு நாள், ஒரு இனத்துக்கு ஒரு வரிசை என்று வைத்திருக்கிறேன். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 'பார்த்தோமா?' என்று ஒரு பத்தி இருக்கும். தயவுசெய்து குளக்கரையை விட்டுக் கிளம்பும் முன் அதை நிரப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தரவுகளைத் தொகுப்பவன்