சில்லறைப் பெட்டியில் குறைந்த 12 ரிங்கிட்

அன்பார்ந்த பெற்றோர்களே,

வணக்கம். சென்ற கூட்டத்தில் ஒரு தந்தை, "சில்லறைப் பெட்டிக்குக் கொடுக்கும் பணம் ஏன் மாதத்துக்கு மாதம் மாறுகிறது?" என்று கேட்டார். அங்கே அவசரமாகப் பதில் சொன்னேன். சரியான பதில் இது.

பள்ளியின் சிறு செலவுகளுக்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பெட்டியில் 500 ரிங்கிட் வைத்திருக்கிறது. எதற்குப் பணம் எடுத்தாலும் அதே தொகைக்கு ஒரு சான்றுச்சீட்டு உள்ளே போக வேண்டும். எனவே எந்த நாள் எண்ணினாலும் ரொக்கமும் சீட்டுகளும் சேர்ந்து 500 வரவேண்டும். மாதக் கடைசியில் செலவான தொகை மட்டுமே பெட்டிக்குத் திரும்பி வரும். முன்பண மீட்பு முறை என்பது இதுதான்.

மார்ச் மாதக் கணக்கைப் பாருங்கள். எழுதுபொருள் 86.40, தபால் 32.00, சிற்றுண்டி 118.50, போக்குவரத்து 64.00, பழுதுபார்ப்பு 97.10. மொத்தம் 398. அப்படியானால் பெட்டியில் 102 ரிங்கிட் மிஞ்சியிருக்க வேண்டும். எண்ணினால் 90தான் இருந்தது.

கணினித் தாளில் நிரப்பும் தொகை தானாக வரும். முன்பு 500-இலிருந்து கையிருப்பைக் கழிக்கும்படி அதை அமைத்திருந்தோம். அப்படியே விட்டிருந்தால் 410 என்று காட்டியிருக்கும், காசோலையும் போயிருக்கும், பெட்டியும் 500 ஆகியிருக்கும். காணாமல் போன 12 ரிங்கிட்டைப் பற்றி ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வசதியான சூத்திரம், ஆனால் குறையை மூடி மறைக்கும் சூத்திரம். இப்போது சீட்டுகளின் கூட்டுத்தொகையை மட்டுமே எடுக்கிறோம்:

```
=SUM(E5:E60)
```

அதனால் 398 மட்டுமே வந்தது, பெட்டியில் 488 நின்றது. அந்தக் குறை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் தேடினோம். விளையாட்டுப் போட்டியன்று ஐஸ் கட்டி வாங்கியதற்குச் சீட்டு எழுத மறந்திருந்தோம். விற்றவர் ரசீது தரவில்லை. வாங்கிய அம்மா கையெழுத்திட்ட சீட்டுக்குப் பொருளாளர் ஒப்புதல் தந்தார். அது ஏப்ரல் கணக்கில் சிற்றுண்டிப் பிரிவில் சேர்ந்தது. அந்த மாத நிரப்புதலோடு பெட்டி மறுபடியும் 500 ஆனது.

பள்ளிக்காகப் பொருள் வாங்கும் பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள். ரசீதை அந்த வாரமே அலுவலகத்தில் கொடுங்கள். கடைகளின் வெப்பத்தாள் ரசீதுகள் நாளடைவில் வெளுத்துவிடுகின்றன, ஆகவே நகலெடுத்து இணைக்கிறோம். அடுத்து, 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. பொருள்களின் கூட்டுத்தொகை 18.42 என்று இருந்தாலும் கையிலிருந்து போனது 18.40. சீட்டில் அந்தக் கடைசித் தொகையையே எழுதுங்கள். இரண்டு சென்னுக்காக எழுத்தர் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மாதத்தின் கடைசி வியாழன் பிற்பகலில் பெட்டியை எண்ணுகிறோம். கூட இருந்து பார்க்க விரும்புவோர் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பினாங்கு