'தெரிந்தே செய்தார்' என்பது போதுமா?

வன்கொடுமை வழக்குகளைப் புலனாய்வு செய்யும் காவல் துணைக் கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ராமநாதபுரத்தில் முப்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். முதல் தகவல் அறிக்கைகளைப் படியெடுத்தே கை காய்த்துப்போனது. அவற்றில் ஒரு வரி மட்டும் ஆள் மாறினாலும் ஊர் மாறினாலும் மாறாது: 'சாதிப் பெயரைச் சொல்லி ஆபாசமாகத் திட்டி.' என்ன சொன்னார், எப்போது சொன்னார், யார் காதில் விழுந்தது என்பது இருக்காது. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

தொண்டிப் பக்கம் ஒரு கரையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கரைவலை இழுத்து முடிந்து பங்கு பிரிக்கும் நேரம். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு இழுவைக்காரர் தன் பங்கு குறைகிறது என்கிறார். வலைக்காரர் கயிறு அறுக்கும் கத்தியை வீசுகிறார். இரண்டு விரல்கள் போகின்றன.

ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை, அல்லது ஆயுள். காயத்தையும் சூழ்நிலையையும் பார்த்து நீதிபதி அளந்து கொடுக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)(v) சேர்ந்துவிட்டால் அளவுகோலே போய்விடுகிறது, ஆயுள் மட்டும்தான். ஒரே கத்தி, அதே இரண்டு விரல்கள்.

ஏன் இந்தக் கூடுதல்? கூலிச் சண்டையில் வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டவர் வீடு அழும். சாதிக்காக வெட்டினால் மறுநாள் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் கயிறு பிடிக்க வரமாட்டார். அமெரிக்காவில் 1989இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு வெள்ளைச் சிறுவனைக் கறுப்பின இளைஞர்கள் அடித்தார்கள். இரண்டாண்டே உச்சத் தண்டனையாக இருந்த குற்றம், இன நோக்கத்தால் ஏழாண்டு வரை போகக்கூடியதாயிற்று. தூண்டியவருக்கு நான்காண்டு கிடைத்தது. மனதில் உள்ளதற்குத் தண்டனையா என்று கேட்டவர்களுக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1993இல் பதில் சொன்னது. எண்ணத்தைத் தண்டிக்கவில்லை, எண்ணத்தால் ஆளைத் தேர்ந்து அடித்த செயலைத் தண்டிக்கிறோம். அதன் கேடு ஒருவரோடு நிற்காது என்றது. அங்கே நோக்கத்தை நிலைநாட்டியது, அடிப்பதற்குச் சற்று முன் அவர் அந்தச் சிறுவனின் நிறத்தைச் சொல்லிக் கூட்டாளிகளை ஏவிய வார்த்தைகள். பின்னால் வந்த வசவு அல்ல.

நம் நாட்டில் அப்படிப்பட்ட சான்று இல்லாமல் போன வழக்கும் உண்டு. ஆந்திராவில் 2011இல் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் வன்புணர்வுக்கு ஆளானார். 2021இல் உச்ச நீதிமன்றம் வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது; 3(2)(v)இன் கீழ் தந்த தண்டனையை மட்டும் நீக்கியது. அன்றைய சட்டம் 'சாதியின் காரணமாக' என்று கேட்டது. சாதி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, பல காரணங்களில் ஒன்றாக இருந்தாலும் போதும் என்றுதான் நீதிமன்றம் தாராளமாகப் பொருள் கொண்டது. ஆனால் அந்த ஒன்றுக்கும் அரசுத் தரப்பு சான்று வைக்கவில்லை.

2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்லை மாற்றிவிட்டது. இப்போது பாதிக்கப்பட்டவரின் சாதி 'தெரிந்திருந்து' செய்தாலே போதும். குடும்பத்தோடு பழக்கம் இருந்தால் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும், மறுப்பது எதிரியின் பாடு. நிரூபிக்க முடியாத சுமை இறங்கியது நல்லதுதான். ஆனால் நம் கரையில் யார் சாதி யாருக்குத் தெரியாது? குடம் எடுக்கும் குழாயிலேயே தெரியும். அப்படியென்றால் பங்குச் சண்டையும் சாதி வெறியும் ஒரே தண்டனைக்குள் விழுகின்றன என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை விதண்டாவாதம் என்று என்னால் தள்ள முடியவில்லை. ஒரு ஆளின் மீதி வாழ்நாள் அதில் இருக்கிறது.

அதனால் சட்டம் கேட்காவிட்டாலும் நோக்கத்தைத் தேடுங்கள். விதிப்படி துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ளவர்தானே புலனாய்வு செய்ய வேண்டும். அந்த வேலையை எழுத்தரிடம் விட்டுவிடாதீர்கள். அதே பருவத்தில் வேறு சாதி இழுவைக்காரர் பங்கு கேட்டபோது என்ன நடந்தது? வாய்ச்சண்டையோடு முடிந்ததென்றால், அந்த ஒரு சாட்சி பத்து வசவுக்குச் சமம். இருவருக்கும் கத்திதான் வந்ததென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் கரையில் தேநீர்க் குவளை தனியாக இருந்ததா, முன்பு எச்சரிக்கை வந்ததா, கைப்பேசியில் குரல் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் முதல் சில நாட்களில்தான் கிடைக்கும். பிறகு சமாதானக் கூட்டம் நடக்கும், சாட்சிகளுக்கு மறதி வந்துவிடும்.

வாக்குமூலத்தில் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், கேட்கக் கூசினாலும். வலைக்காரர் கத்தியை எடுப்பதற்கு முன் சொன்னதா, ரத்தம் வந்த பிறகு சொன்னதா என்றும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு வக்கீல் குமாஸ்தா