கடப்பா காரம்தான்: பலகையை மாற்றி எழுதுவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை காலை நம் கடையில் கடப்பா சாப்பிட்ட ஒரு குழந்தை காரம் தாங்காமல் அழுததும், அதைப் பற்றிய குரல்பதிவு குடந்தை முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பலகையில் ‘காரமில்லாத வெள்ளைக் குருமா, குழந்தைகளுக்கும் ஏற்றது’ என்று நாங்கள்தான் எழுதி வைத்திருந்தோம். அது தவறு. அந்தக் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். உங்களிடமும் கேட்கிறோம்.

ஆனால் அந்தப் பதிவில் ‘மிளகாய்த்தூளைக் கொட்டி, மேலே தேங்காய்ப்பால் ஊற்றி நிறத்தை மறைக்கிறார்கள்’ என்று ஒரு வரி வருகிறது. அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடப்பாவில் காரம் ஏறும் அளவுக்கு மிளகாய்த்தூள் போட்டால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். தேங்காய்ப்பால் ஊற்றினாலும் அந்தச் சிவப்பு முழுக்கப் போகாது. கடப்பாவின் காரம் முழுக்கப் பச்சை மிளகாயுடையது. தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பூண்டு இவற்றோடு மிளகாயையும் சேர்த்து விழுதாக அரைத்து, வெந்த பாசிப்பருப்பிலும் மசித்த உருளைக்கிழங்கிலும் கொதிக்க விடுகிறோம். கீறிப் போட்ட மிளகாய் என்றால் ஓரமாக ஒதுக்கிவிடலாம். அரைத்த மிளகாயை ஒதுக்க வழியில்லை. சிவப்புக் குழம்பு என்றால் பார்த்ததுமே கை தயங்கும். கடப்பா வெளிர் மஞ்சளாக, பருப்புக் கஞ்சி போல உட்கார்ந்திருக்கிறது. புளியும் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். வெளியூரிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பலகைதான் சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். காலையில் ஒரு தவலைக்கு 10 லிட்டர் கடப்பா. அதில் பச்சை மிளகாய் 240 கிராம். எங்களுக்கு வரும் நீள மிளகாய் ஒன்று ஏறக்குறைய 3 கிராம், அதாவது 80 மிளகாய். 100 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் ஊற்றினால் 100 கிண்ணம் வரும். ஆக ஒரு கிண்ணத்தில் முக்கால் மிளகாய்க்குச் சற்று மேல். நான்கு இட்லிக்கு மூன்று கிண்ணம் வாங்கி ஊற்றிக்கொள்பவர் இரண்டு மிளகாய்க்கு மேல் சாப்பிடுகிறார். ‘லேசான காரம்’, ‘மிதமான காரம்’ என்று எழுதுவதில் இருக்கும் சிக்கல் இதுதான். மதுரைக்காரருக்கு மிதமானது வடநாட்டு யாத்திரிகருக்கு நெருப்பு. மிளகாய் எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றே.

எண்ணிக்கையும் முழுப் பொறுப்பு ஏற்காது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் குறைந்த வெயில் காலத்தில் காய்த்த மிளகாய்க்கு உறைப்பு அதிகம். மார்கழியில் 240 கிராம் போட்டு வந்த அதே காரம் வைகாசியில் 180 கிராமிலேயே வந்துவிடும். போன ஞாயிறு நடந்தது அதுதான். மூட்டை மாறியிருக்கிறது, எடை மாறவில்லை. இனி ஒவ்வொரு புது மூட்டையிலும் மூன்று மிளகாய் எடுத்து, குறுக்கே வெட்டி, நடுவில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சரக்கு மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறோம். உறைப்பு அந்தத் தண்டில்தான் குடியிருக்கிறது. நுனியைக் கடித்துப் பார்த்து ‘காரமில்லை’ என்று சொன்னால் ஏமாந்து போவோம். வெந்த கடப்பாவையும் கரண்டியில் தனியாக ருசி பார்க்காமல், ஆறிய இட்லியில் தொட்டு, காரம் அதிகம் சாப்பிடாத ஒருவர் பார்த்த பிறகே பந்திக்கு வரும். நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவரின் நாக்கு மரத்துப் போயிருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது.

பலகையில் இனி இருக்கப்போவது இது:

‘கும்பகோணம் கடப்பா: குழைய வெந்த பாசிப்பருப்பு, மசித்த உருளைக்கிழங்கு, தேங்காயும் பொட்டுக்கடலையும் சோம்பும் கசகசாவும் அரைத்துக் கொதிக்கவிட்டது. வெங்காயம், பூண்டு உண்டு. பார்க்க வெளிர், சாப்பிடக் காரம்: கிண்ணத்துக்கு ஏறக்குறைய முக்கால் பச்சை மிளகாய். சிறு குழந்தைகளுக்குத் தேங்காய்ச் சட்னி கேளுங்கள்.’

பழைய வரியில் ‘முந்திரி அரைத்த’ என்றும் இருந்தது. முந்திரி விலை ஏறிய பிறகு பொட்டுக்கடலைதான் போட்டு வருகிறோம். அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டோம்.

‘நாவில் நீர் ஊறும்’, ‘வீட்டுச் சுவை’, ‘பாரம்பரியம்’ ஆகியவற்றையும் அழித்தாயிற்று. அவற்றைப் படித்து யாருக்கும் தட்டில் என்ன வரும் என்று தெரியாது. குழைய வெந்த பருப்பு, சோம்பு வாசனை என்று உள்ளதைச் சொன்னாலே பசி வருகிறது. நெய் ரோஸ்ட்டுக்கு ‘கல்லில் நல்லெண்ணெய், முறுகியதும் மேலே 2 தேக்கரண்டி நெய்’ என்று எழுதுகிறோம். முழுக்க நெய்யில் வேண்டுமென்றால் தோசை மாஸ்டரிடம் சொல்லுங்கள், அதற்குத் தனி விலை.

சாம்பார், ரசத்துக்குக் கீழே ‘பெருங்காயத்தில் கோதுமை மாவு உண்டு’ என்று ஒரு வரி சேர்கிறது. கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் பிசினும் மாவும் கலந்தது. நாங்கள் வாங்கும் டப்பாவின் பின்பக்கத்தில் கோதுமை மாவு என்றே போட்டிருக்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசிச் சாப்பாடுதானே என்று நம்பி உட்காருகிறார்கள், அவர்களுக்காக இது. விரத நாட்களில் வருகிறவர்களுக்கு வெங்காயம், பூண்டு இல்லாதவை எவையெவை என்று பலகையின் கடைசியில் தனியாக இருக்கும். இன்னொன்று, ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. அங்கே போவதற்காகத் திருச்சி விமான நிலையம் செல்கிறவர்கள் கடப்பா பார்சலை உடன் எடுத்துச் செல்லாதீர்கள்.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடிப்பதில் பயனில்லை. மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது. கெட்டித் தயிரோ பாலோ ஒரு வாய் வைத்துக்கொண்டால் அடங்கும். சூடாக இருக்கும்போது காரம் கூடுதலாகத் தெரியும் என்பதால் குழந்தைகளுக்கு ஆறவிட்டுக் கொடுங்கள். யார் கேட்டாலும் ஒரு கிண்ணம் தயிர் காசில்லாமல் தரச் சொல்லி சப்ளையர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பதிவு சுற்றிய மறுநாள் காலையும் வழக்கம்போல் ஆறு மணிக்கு வந்து, ‘கடப்பா இருக்குல்ல?’ என்று கேட்டு அமர்ந்த அத்தனை பேருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. பதிவைக் கேட்டுவிட்டு நேரில் வந்து, ‘காரத்தைக் குறைக்காதீங்க, எழுதறதை மாத்துங்க’ என்று சொன்ன பெரியவர்களுக்கும் நன்றி. காரத்தைக் குறைக்கவில்லை.

புதுப் பலகை வெள்ளிக்கிழமை காலை மாட்டப்படும். இரண்டாவது கிண்ணம் கடப்பாவுக்கு அன்று முதல் 10 ரூபாய். எழுதியதற்கும் தட்டில் வந்ததற்கும் வித்தியாசம் தெரிந்தால் கல்லாவில் சொல்லுங்கள், அன்றே வரியைத் திருத்திவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
கும்பகோணம்