அந்த அஞ்சு கேள்விய பத்தி

அன்புள்ள தாயி,

நேத்து போன்ல நீ சொன்னதுதான் ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. பிள்ளைங்க நாவல தொடாமலே பஸ்ஸுல வர்றப்ப நெட்ல கதைச்சுருக்கம் படிச்சிட்டு வந்து, நாவல படிச்சாங்களான்னு பாக்க நீ வைக்கிற பரீட்சைல பத்துக்கு ஒம்போது வாங்குதுக, ஒக்காந்து படிச்ச பிள்ள ஆறு வாங்குதுன்ன. திருமங்கலத்துல நான் வாத்தியாரா இருந்தப்பவும் இதே கததான், அப்ப நெட் இல்ல, புது மண்டபத்துல வாங்குன கைடு. கைட தோக்கடிக்கணும்னு நான் ஒரு தப்பு பண்ணேன், கதைல வர்ற கல்லறைக் கல்லு எத்தன அடி நீளம்னு கேட்டுட்டேன். கைடு படிச்சவனுக்கும் தெரியல, ரெண்டு தடவ முழுசா படிச்ச பிள்ளைக்கும் தெரியல, அது பேப்பர பாத்து அழுதுச்சு. அதனால துக்கடா விவரம் கேக்காத தாயி. படிச்சவன் மனசுல தானா தங்குற காட்சி எதுன்னு பாத்து கேளு.

நீ நடத்துறது டிக்கன்ஸோட கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவல்ல முதல் அத்தியாயம்தான. மொதல்ல நீயே நெட்ல மூணு சுருக்கம் படி. மூணுலயும் இதான் இருக்கும்: அனாதப் பய பிப், கல்லறைத் தோட்டத்துல, தப்பிச்சு வந்த கைதி ஒருத்தன் அவன மெரட்டி அரமும் சாப்பாடும் கொண்டாரச் சொல்றான். அப்ப "கைதி என்ன கேட்டான்"னு நீ கேட்டா அது சுருக்கத்துக்கு மார்க் போடுற கேள்வி, அத அடிச்சிரு.

இப்ப புஸ்தகத்த தொற. கைதி "உங்கம்மா எங்க"ன்னு கேக்குறான், பிப் "அந்தா, அய்யா"ன்னு கை காட்டுறான். ஒடனே அவன் திடுக்கிட்டு கொஞ்ச தூரம் ஓடி, நின்னு திரும்பிப் பாக்குறான். ஏன்னா நெசமாவே ஒரு பொம்பள அங்க நிக்கிதுன்னு நெனச்சுட்டான், பய காட்டுனது கல்லறைய. இத படிச்சவன் யாருமே மறக்க மாட்டான், ரெண்டு பத்தி சுருக்கத்துல இது வர்றதுக்கு எடமே இல்ல. "அம்மா எங்கன்னு கேட்டதும் கைதி ஏன் ஓடுனான்"னு ஒரே வரில கேளு, ரெண்டு வரில பதில் எழுதச் சொல்லு, போதும்.

இன்னொன்னு, பொறி மாதிரி. இந்த அத்தியாயத்துல கைதியோட பேரே வராது, ரொம்ப பின்னாடிதான் தெரியும். "இந்த அத்தியாயத்த மட்டும் வச்சு, கைதி யாருன்னு பிப்புக்கு என்ன தெரியும்"னு கேட்டுப் பாரு. மாக்விச்னு எழுதுனவன் சுருக்கத்துலருந்து எடுத்திருக்கான். ஆனா ஒன்னு, முழு நாவலையும் முன்னாடியே படிச்ச பிள்ளையும் அப்படி எழுதலாம், அதனால இத ஒன்ன மட்டும் வச்சு யாரையும் திட்டிராத, மத்த நாலையும் சேத்துப் பாரு.

வரிசை கேக்குறதும் நல்லது. பயல தலகீழா புடிச்சு பாக்கெட்ட காலி பண்றான், விழுந்த ரொட்டிய அள்ளித் திங்கிறான், அப்பறந்தான் அம்மா பேச்சு, அதுக்கும் பெறகு அக்கா புருசன் கொல்லன்ங்குற பேச்சு. நாலையும் கலச்சுப் போட்டு வரிசப்படுத்தச் சொல்லு. வாசிச்சவனுக்கு படம் மாதிரி ஓடும், மத்தவன் குத்துமதிப்பா போடுவான்.

கேள்வி அஞ்சு, நேரம் பத்து நிமிசம், கிளாஸ் ஆரம்பிச்ச ஒடனே, போன் பைக்குள்ள. அஞ்சாவதா "ஒனக்கு நெனவுல நின்ன ஒரு காட்சி, ரெண்டு வரி"ன்னு விடு, நேர்மையா படிச்சிட்டு மறந்த பிள்ளைக்கு அது கை கொடுக்கும். திருத்துறப்ப ஒன்ன கவனி, எப்பவும் படிச்சிட்டு வர்ற பிள்ளைங்க மொத்தமா ஒரு கேள்விய தப்பா எழுதியிருந்தா கேள்விதான் தப்பு, அந்த மார்க்க எல்லாருக்கும் கொடுத்துரு.

நேத்து சாயந்திரம் அம்மாவ திண்ணைல ஒக்கார வச்சு சுருக்கத்த மட்டும் வாசிச்சுக் காட்டி இத கேட்டேன். அம்மா நாவல் படிச்சதில்லேல்ல. ஓடுனது ஏன்னு தெரியல, போலீஸ் வந்துச்சோன்னுச்சு. வரிச தப்பு. ஆனா "கொல்லன்னதும் கைதி ஏன் தன் கால பாத்தான்"னு கேட்டதுக்கு "கால்ல வெலங்கு கெடந்திருக்கும்"னு டக்குனு சொல்லிருச்சு. என் கேள்விக்குள்ளயே பதில் கெடந்துருக்கு. அத "கொல்லன்னு கேட்டதும் கைதி என்ன பண்ணுனான், ஏன்"னு மாத்தி, பக்கத்து வீட்டு மாமிகிட்ட திரும்பக் கேட்டுப் பாத்தேன், அவங்களுக்கு வரல. அத நாலாவதா வச்சுக்க. நீ எழுதுனதும் எனக்கு அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள்ள இங்க இன்னும் ரெண்டு பேருகிட்ட கேட்டுச் சொல்றேன்.

அப்பா