கருவி காட்டும் சதவீதத்தை வைத்துக் கட்டுரையைத் தள்ளாதீர்கள்: போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களே, வணக்கம்.

வரும் கட்டுரைகளில் சில செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தவை என்று நீங்கள் சந்தேகப்படுவதில் தவறில்லை. சில அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, கட்டுரையைக் கண்டறியும் கருவியில் ஒட்டிப் பார்த்து, அது காட்டும் சதவீதத்தை மதிப்பெண் தாளில் எழுதும் பழக்கத்தைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஆங்கில எழுத்தில் நடத்திய சோதனையில், இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் கணக்கில் சேர்த்தது. இவை அந்நிறுவனமே சொன்ன எண்கள். துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த எண்களை ஒரு போட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். 400 கட்டுரைகள் வருகின்றன, அவற்றில் 40 இயந்திரத்தால் ஆனவை என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்த 40-இல் ஏறக்குறைய 10-ஐப் பிடிக்கும். நேர்மையாக எழுதப்பட்ட 360-இல் ஏறக்குறைய 32-ஐயும் சேர்த்துப் பிடிக்கும். சிவப்புக் குறி விழுந்த 42 பேரில் நான்கில் மூன்று பேர் குற்றமற்றவர்கள். இன்றைய கருவிகள் இதைவிடத் தேறியவை என்றே கொள்வோம். அப்போதும், நேர்மையாக எழுதியவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் சிறு பிழை விகிதம்கூடப் பலரைப் பலிகொள்ளும். தமிழ்க் கட்டுரைகளில் இந்தக் கருவிகளின் பிழை எவ்வளவு என்பதை உங்களிடம் யாராவது காட்டியிருக்கிறார்களா?

கருவியை விட்டுக் கண்ணை நம்பினாலும் ஆபத்து உண்டு. வாக்கியங்கள் ஒரே அளவு, பத்திகள் ஒரே உயரம், ‘ஆகவே’ என்று தொடங்கும் முடிவுரை. இவற்றைப் பார்த்ததும் ‘மெஷின்’ என்கிறோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, உட்தலைப்பு என்று வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்தது நாம்தானே? சொன்னபடி எழுதும் பிள்ளைதான் முதலில் மாட்டும். நடை தட்டையாக இருந்தால் நடைக்கான மதிப்பெண்ணைக் குறையுங்கள், அது உங்கள் உரிமை. மோசடி என்று எழுத அது போதாது.

என் யோசனை இதுதான். முதல் சுற்றில் யார் எழுதியது என்ற கேள்வியையே எடுக்காமல், தரத்தை மட்டும் பார்த்து இறுதிப் பட்டியலைப் போடுங்கள். பட்டியலில் வந்த பத்துப் பதினைந்து கட்டுரைகளின் மேற்கோள்களையும் புள்ளிவிவரங்களையும் தேடிப் பாருங்கள். உதாரணமாக, நூலகங்களைப் பற்றிய ஒரு கட்டுரை ஓர் அறிஞரின் வரியையும் ஓர் ஆய்வறிக்கையையும் காட்டுகிறது. தேடினால் இரண்டுமே கிடைக்கவில்லை. எழுதியவரைக் கேளுங்கள். வேறு நூலில் பார்த்ததைப் பிழையாகக் குறித்திருக்கலாம். மூலத்தைக் காட்டினால் பிழைக்கு மட்டும் மதிப்பெண் குறையும். காட்ட முடியாவிட்டால், இல்லாத ஆதாரத்தைக் காட்டினார் என்ற காரணத்துக்காகவே நீக்கலாம். அதை இயந்திரம் புனைந்ததா, ஆள் புனைந்தாரா என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையே இல்லை.

அடுத்து, பட்டியலில் உள்ள எல்லோருடனும் பத்து நிமிடம் பேசுங்கள். சந்தேகப்பட்டவரை மட்டும் அழைத்தால் அந்த அழைப்பே தண்டனையாகிவிடும். கட்டுரையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ‘இந்தப் பத்தியில் எதை எழுதிப் பிறகு வெட்டினீர்கள்?’, ‘மூன்றாம் பத்தியில் சொன்னது ஐந்தாம் பத்தியோடு மோதுகிறதே, எப்படிச் சமாளிப்பீர்கள்?’ என்று கேளுங்கள். எழுதியவர் திக்கலாம், ஆனால் பெரும்பாலும் தன் தயக்கங்களை அறிந்திருப்பார். எழுதாதவர் கட்டுரையில் உள்ளதையே திருப்பிச் சொல்வார். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு அதே கேள்விகளை எழுத்தில் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். பதற்றத்தை ஒருபோதும் சாட்சியாக எடுக்காதீர்கள். இதிலும் நன்றாகத் தயாரித்து வந்த கள்ளர் ஒருவர் தப்பலாம். தப்பட்டும் என்றுதான் சொல்வேன். பரிசு ஒன்று தவறான கைக்குப் போவதைவிட, எழுதிய பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டுவது பெரிய கேடு.

நீக்குவதானால் காரணத்தை எழுத்தில் அவருக்கு மட்டும் தெரிவியுங்கள். மேல்முறையீட்டை அந்தக் கட்டுரையை மதிப்பிடாத ஒருவர் கேட்கட்டும்.

அறிவிப்பிலேயே விதி தெளிவாக இருந்தால் இந்தத் தலைவலியில் பாதி குறையும். எழுத்துப்பிழை திருத்தி, மொழிபெயர்ப்புக் கருவி, கருத்துத் திரட்ட உரையாடல் செயலி, இவற்றில் எது சரி, எது கூடாது? கைக்குறிப்பையோ முதல் வரைவையோ வைத்திருக்க வேண்டுமா? இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த ஆண்டு அறிவிப்பில் வரைவு பற்றி எதுவும் இல்லையென்றால், வரைவு இல்லை என்பதற்காக இந்த ஆண்டு யாரையும் நீக்காதீர்கள்.

இப்படிக்கு,
நடுவர் இருக்கையில் அமர்ந்த அனுபவமுள்ள ஒருவர்