'பதில் போட வேண்டாம்' என்று எழுதிய அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

பாப்பாவுக்கு நேற்றோடு எழுபத்தைந்து நாள். போன வாரம் முழுக்க நான் ஒரு நாள்கூட அழவில்லை, அந்தத் தெம்பு இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த மனச்சோர்வில் என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், சிலர் நேரிலேயே பார்த்தீர்கள். அதனால் அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரிடமிருந்துதான் தொடங்க முடியும்.

எங்கள் ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா. அவருக்கும் எனக்கும் பெரிய பழக்கம் கிடையாது. பயணப்படி பில் கொடுக்கப் போவேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன், அவ்வளவுதான். குழந்தை பிறந்த அன்று என் போனில் வாழ்த்து வந்து குவிந்தது. 'மகாலட்சுமி வந்துட்டா', 'உன்னை மாதிரியே இருக்கா', 'ரொம்ப சந்தோஷம்டி'. ஒவ்வொன்றுக்கும் நன்றி என்று தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். வாழ்த்தியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, எல்லாம் அன்பில் வந்ததுதான். ஆனால் இத்தனை பேர் சந்தோஷப்படும் இடத்தில் எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லையே, நான் என்ன ஜென்மம் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் அந்த அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

'பாப்பா எப்படி இருக்கான்னு கேக்கலம்மா, அதை எல்லாரும் கேட்டிருப்பாங்க. நீ எப்படி இருக்க? பதில் போட வேண்டாம். நாளைக்கும் கேப்பேன்.'

நான் பதில் போடவில்லை. மறுநாள் மறுபடி வந்தது: 'இன்னைக்கு உக்காந்து சாப்ட்டியா, நின்னுக்கிட்டே சாப்ட்டியா?' பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் நேரம் தவறாமல் என் முன்னால் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவை எனக்காக வந்தவை என்று எனக்குத் தோன்றியதே இல்லை, பால் ஊறுவதற்காக வந்தவை. நான் சாப்பிட்டேனா என்று எனக்காகவே ஒருவர் கேட்டது அன்றுதான். 'நின்னுக்கிட்டு' என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன்.

அதற்கு அவர் அறிவுரை எதுவும் எழுதவில்லை. 'எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?' என்று மட்டும் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, விளக்கு வைக்கிற நேரம் என்று எழுதினேன். வெளிச்சம் மங்க ஆரம்பித்தாலே வயிற்றைப் பிசையும், இன்னும் ஒரு ராத்திரி வரப்போகிறதே என்று. அன்றிலிருந்து சரியாக ஆறு மணிக்கு அவருடைய செய்தி வரும். சில நாள் ஒரு வரி. ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தின் போட்டோ. ஆறு மணியை நினைத்து நடுங்கியவள் ஆறு மணிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் அவர் எழுதியதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. 'பிரசவம் முடிஞ்சு மூணாம் நாள் நாலாம் நாள் வர்ற அழுகை ரெண்டு வாரத்துக்குள்ள தானா வடிஞ்சிரும். அது பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு வரும். ரெண்டு வாரத்தைத் தாண்டியும் இருந்தா அது வேற. ஒண்ணு மட்டும் சொல்லு. அம்மா பாப்பாவ வச்சிருக்கும்போது, வீடு அமைதியா இருக்கும்போது, உன்னால தூங்க முடியுதா?'

முடியவில்லை. அன்று மதியம்தான் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் எனக்கு விட்டிருந்தார். ஃபேன் சுற்றும் சத்தத்தைக் கேட்டபடி கண் எரிய எரிய விழித்துக் கிடந்தேன். தூக்கம் பத்தாததால்தான் இப்படி இருக்கிறேன் என்று நானும் நம்பியிருந்தேன், வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். தூங்கக் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் வெறும் அலுப்பு மட்டும் காரணமாக இருக்காது என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு அக்கா முதல்முறையாகப் போன் செய்தார். பத்துக் கேள்வி கேட்கப் போகிறேன், கடந்த ஏழு நாளை மட்டும் நினைத்துப் பதில் சொல்லு என்றார். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-ல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் முப்பது. சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் என்னையே குறை சொல்லிக்கொண்டேனா, காரணமில்லாமல் பயந்தேனா என்று போகும். பதின்மூன்றோ அதற்கு மேலோ வந்தால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும், அதற்குக் கீழே வந்தாலும் மனசு சரியில்லை என்றால் பார்க்கலாம் என்றார். எனக்குப் பதினெட்டு வந்தது. இது நோய் என்று தீர்ப்புச் சொல்லும் தாள் இல்லை, டாக்டரிடம் போகத்தான் இது என்றும் சொன்னார்.

பத்தாவது கேள்வி, எனக்கு நானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அவர் அதைத் தயங்காமல், முன்னால் கேட்ட ஒன்பதைக் கேட்ட அதே குரலில் கேட்டார். நான் ரொம்ப நேரம் பேசவில்லை. அவரும் போனை வைக்கவில்லை. அப்புறம், 'எப்பவாவது' என்றேன். 'சரிம்மா, சொன்னது நல்லது. இந்தக் கேள்விக்கு மட்டும் மொத்த மார்க்கைப் பாக்க மாட்டாங்க, பூஜ்யமா இல்லன்னாலே அதைப் பேசணும். இன்னைக்கு ராத்திரி உன்கூட யாரு படுக்கிறா?' என்று கேட்டு, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416-க்கு அடிக்கச் சொன்னார், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். அந்த நம்பரை அம்மா காலண்டரில் எழுதி வைத்தார், இன்னும் அங்கேயே இருக்கிறது.

இன்னொன்றையும் அவரிடம்தான் முதலில் சொன்னேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கை நழுவிவிட்ட மாதிரி ஒரு காட்சி மனசில் வரும், உடம்பெல்லாம் வியர்க்கும். அதனால் படிக்கட்டுப் பக்கமே போவதை விட்டிருந்தேன். வெளியே சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். அவர் சொன்னார்: 'அந்த நினைப்பு வந்து நீ பதறுற, ஒதுங்குற. செய்யணும்னு நினைக்கிறவ அப்படிப் பதற மாட்டா. நிறையத் தாய்மாருக்கு வரும், யாரும் சொல்றதில்ல. டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு.' கூடவே, காதில் ஏதாவது குரல் கேட்டாலோ, வீட்டு ஆட்கள் மேலேயே சந்தேகம் வந்தாலோ, நாள்கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்தாலோ அது வேறு விஷயம், காலை வரைக்கும்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று அம்மாவிடமும் சொல்லி வைத்தார்.

இரண்டு நாளில் திருநெல்வேலி போனோம். டாக்டர் முதலில் ரத்தம் பார்க்கச் சொன்னார், ஹீமோகுளோபினும் தைராய்டும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு ஏறி இறங்கினாலும் இப்படி இருக்குமாம். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம் 8.9-தான் இருந்தது, அதற்கு இரும்புச் சத்து மாத்திரை. மனசுக்கு செர்ட்ராலின், முதல் வாரம் 25 மில்லிகிராம், பிறகு 50. பால் கொடுக்கிறவள் இதெல்லாம் சாப்பிடலாமா என்று அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பாலில் மிகக் குறைந்த அளவுதான் போகும், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அதிகம் கொடுக்கிற மாத்திரைதான் இது என்று டாக்டர் பொறுமையாக அம்மாவுக்கே விளக்கினார். மாத்திரையோடு இன்னொன்றும் எழுதினார்: தினமும் ஒரே இழுப்பாக நாலு மணி நேரத் தூக்கம். இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பாப்பா என் வீட்டுக்காரரிடம், பிழிந்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுப்பார்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. முதல் நாலைந்து நாள் குமட்டல்தான். பத்தாம் நாள், இது வேலைக்கு ஆகாது, நிறுத்தப் போகிறேன் என்று அக்காவுக்கு எழுதினேன். 'ரெண்டு மூணு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னாருல்ல, இது பத்தாம் நாள்தான்' என்று மட்டும் பதில் வந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். அவள் கொட்டாவி விட்டாள். வாய் அவ்வளவு சின்னதாகத் திறந்து, மூக்கு சுருங்கி, கடைசியில் ஒரு 'ஹ்ம்'. நான் சிரித்துவிட்டேன். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். மணி ஆறாகிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது, நான் போனைப் பார்க்கவே மறந்திருந்தேன்.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. தேறிய பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும், நானாக நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. நடுவில் மோசமான நாட்களும் வருகின்றன.

ஒன்பது மணி டியூட்டியை ஒரு நாளும் தவறவிடாத இவருக்கு, புரியாத விஷயத்தைப் புரிந்துகொள்ள முயன்ற என் அம்மாவுக்கு, விடியற்காலையில் காரை எடுத்து வந்த மாமாவுக்கு, கேட்காமலே துணியை வாளியோடு தூக்கிப் போய்த் துவைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மதினிக்கு, எடை ஏறவில்லையே என்று நான் புலம்பியபோதெல்லாம் பாப்பாவைத் தராசில் போட்டுக் காட்டிய கிராம சுகாதார நர்ஸ் அக்காவுக்கு, பச்சை உடம்புக்காரியை முதலில் பார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்ன பெரியம்மாவுக்கு, எல்லோருக்கும் என் நன்றி. வாழ்த்து அனுப்பியவர்களுக்கும்தான். அந்தச் செய்திகளைப் போன வாரம் உட்கார்ந்து ஒன்றொன்றாக மறுபடி படித்தேன், இப்போது சந்தோஷமாக இருக்கிறது.

சித்தி மகளுக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் அந்தத் தேதியிலிருந்து எண்ணி, பதினைந்தாம் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கப் போகிறேன். அன்று அவளுக்கு ஒரு செய்தி போகும், அவள் பதில் போடாவிட்டால் மறுநாளும் போகும்.

அக்கா, உங்களுக்கு இது நடந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை என்று ஒரு தடவை எழுதியிருந்தீர்கள், அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் அப்போது கேட்கும் நிலையில் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறோம். அன்றைக்கு நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.